பராமரிப்புச் செலவை எந்தப் பிரிவின் கணக்கில் எழுதுவது?

கேள்வி: சிங்கப்பூரின் செனோக்கோவில் மசாலாத்தூள், பேஸ்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சமையல், பேக்கிங், குளிர்கிடங்கு என்று மூன்று பிரிவுகள். பராமரிப்புப் பட்டறையின் செலவை ஆண்டு முடிவில் தரைப்பரப்புப்படி மூன்றுக்கும் பிரிக்கிறோம். "நான் ஏன் பாதி கொடுக்கணும்?" என்று குளிர்கிடங்கு மேலாளர் கேட்கிறார். பேக்கிங் மேலாளரோ சர்வீஸுக்கு மெஷினை விடவே மாட்டேன் என்கிறார். திட்டமிட்ட பராமரிப்பு உண்மையிலேயே மலிவா, பழுதானால் பார்த்துக்கொள்வது மலிவா? செலவை எப்படிப் பிரிப்பது?

பதில்:

இரண்டு மேலாளர்களின் கோபத்துக்கும் வேர் ஒன்றுதான். தரைப்பரப்புப்படி பிரித்தால், பட்டறையை யார் எவ்வளவு பயன்படுத்தினாலும் அவரவர் தொகை மாறாது. குளிர்கிடங்குக்காரர் பயன்படுத்தாததற்குப் பணம் கட்டுகிறார். பேக்கிங்காரருக்கு மெஷின் உடைவதால் ஆகும் செலவில் பெரும்பகுதியை வேறொருவர் கட்டுகிறார். அப்படியிருக்க, சர்வீஸுக்காக மெஷினை நிறுத்த அவருக்கு என்ன அவசரம்? எனவே எது மலிவு என்ற கேள்வியையும் யாருக்கு எழுதுவது என்ற கேள்வியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உங்கள் எண்கள் என்னிடம் இல்லை. உங்களுடையதைப் போன்ற ஒரு மாதிரித் தொழிற்சாலையை வைத்துக் கணக்குப் போடுகிறேன். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழி அதேதான்.

முதலில் பட்டறையின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். ஐந்து டெக்னீஷியன்கள், ஆளுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 3,000 வெள்ளி. முதலாளி கட்டும் மத்திய சேமநிதி 17 விழுக்காடு சேர்த்தால் 3,510. பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தோடு ஆண்டுக்கு 45,630. மருத்துவம், பயிற்சி, பாதுகாப்புக் காலணி எல்லாம் சேர்த்து 47,500 என்று வைத்துக்கொள்வோம். ஐவருக்கும் 237,500. மேற்பார்வையாளர் 65,000. பட்டறையின் இடம், கருவிகள், மின்சாரம் 57,500. மொத்தம் 360,000 வெள்ளி.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது? இங்கேதான் பல கணக்குகள் தடம் புரள்கின்றன. வாரத்துக்கு 44 மணி நேரம், 52 வாரம், ஆளுக்கு 2,288 மணி நேரம் என்று வகுத்துவிடுகிறார்கள். ஐவருக்கு 11,440. மணிக்கு 31.47 வெள்ளி என்று வரும். ஆனால் 2,288 என்பது சம்பளம் கொடுக்கும் நேரம், மெஷினில் கைவைக்கும் நேரம் அல்ல. பொது விடுமுறை 11 நாள், ஆண்டு விடுப்பு 14 நாள், மருத்துவ விடுப்பும் பயிற்சியும் 9 நாள், ஆக 34 நாள் போனால் ஐந்தரை நாள் வாரத்தில் 252 வேலை நாள்தான் மிச்சம். நாளுக்கு 8 மணி வீதம் 2,016 மணி நேரம். அதிலும் காலைக்கூட்டம், கருவி எடுத்து வைப்பது, பட்டறையைக் கூட்டுவது, ஸ்டோரில் பொருளுக்குக் காத்திருப்பது என்று நாளுக்கு 1 மணி 40 நிமிடம் கழியும். ஆளுக்குச் சுமார் 1,600 மணி நேரம் மிஞ்சும், ஐவருக்கு 8,000. இப்போது 360,000 வகுத்தல் 8,000, மணிக்கு 45 வெள்ளி.

31.47 வெள்ளி வீதம் எழுதியிருந்தால் 8,000 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 252,000 வெள்ளிதான் திரும்பியிருக்கும். மீதி 108,000 ஆண்டு முடிவில் அநாதையாக நிற்கும், அதைக் கடைசியில் தரைப்பரப்புப்படிதான் பிரிப்பார்கள். மணிக்கணக்கில் எழுத ஆரம்பித்த தொழிற்சாலை இரண்டே ஆண்டில் பழைய முறைக்குத் திரும்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இனி, எது மலிவு என்ற கேள்வி. ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம்: மசாலாத்தூளை எடை போட்டு, பிலிமைப் பையாக மடித்து, சூட்டில் ஒட்டி வெட்டும் செங்குத்துப் பேக்கிங் மெஷின். பழுதானால் மட்டும் பார்க்கும் முறையில் ஓராண்டில் 22 முறை நின்றது என்று வையுங்கள். அந்த 22-ஐ வகைப்படுத்தாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. ஒட்டும் தாடைகளில் 8: டெஃப்லான் டேப் தேய்ந்து பிலிம் ஒட்டிக்கொண்டது, ஹீட்டர் குச்சி எரிந்தது, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் தளர்ந்து சூட்டைத் தவறாகக் காட்டியது. தூளைத் தள்ளும் ஆகர் திருகிலும் அதன் பேரிங்கிலும் 6: மிளகாய்த்தூள் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸோடு கலந்து பசையாகிவிட்டது. பிலிம் இழுக்கும் பெல்ட் 3. பையின் குறியைப் பார்க்கும் சென்சார் கண்ணில் தூசி 2. மின்னணுப் பலகை, டிரைவ் போன்றவை 3.

இவற்றில் தேய்மானத்தால் வருபவை வேறு, நினைத்த நேரத்தில் வருபவை வேறு. டேப், பெல்ட், கத்தி, சீல், பேரிங் எல்லாம் ஓடிய மணி நேரத்துக்கு ஏற்பத் தேயும். முன்கூட்டியே மாற்றினால் பலன் உண்டு. தாடை ஹீட்டர் திடீரென்று எரிந்ததாகத் தோன்றினாலும், துளைக்குள் தளர்வாக உட்கார்ந்திருந்தால் சூட்டைத் தாடைக்குக் கடத்த முடியாமல் தானே வெந்துபோகும். சர்வீஸில் இதைப் பார்த்துப் பிடிக்கலாம். மின்னணுப் பலகையோ எத்தனை சர்வீஸ் செய்தாலும் சொல்லாமல் போகும். அதற்கு மருந்து கையிருப்பில் ஒரு பலகை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைச் சரியாக மூடித் தூசி புகாமல் பார்த்துக்கொள்வதும் உதவும். அவ்வளவுதான். அந்த 3 நிறுத்தங்களும் திட்டமிட்ட பராமரிப்பால் குறையும் என்று எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

திட்டம் இப்படி: சனிக்கிழமை மதியம் உற்பத்தி முடிந்தபின் வாரம் ஒன்றரை மணி நேரம், 50 வாரத்துக்கு 75 மணி. அதில் டேப் பார்ப்பது, தாடையைத் துடைப்பது, ஆகர் சீலைப் பார்ப்பது, பெல்ட் இறுக்கம், சென்சார் கண் எல்லாம் அடங்கும். ஆண்டுக்கு இரண்டு முறை இருவர் முழு நாள் உட்கார்ந்து பேரிங், கத்தி, பெல்ட் மாற்றுவதற்கு 32 மணி. மொத்தம் 107 மணி. இதனால் நிறுத்தங்கள் 22-இலிருந்து 7-ஆகக் குறைகின்றன: மின்னணு 3 அப்படியே, மற்றவை 4. உதிரிப்பாகம் தயாராக இருப்பதால் ஒவ்வொரு நிறுத்தமும் மூன்றரை மணிக்குப் பதில் 2 மணியில் முடிகிறது.

ஒப்பீட்டில் 45 வெள்ளியைப் பயன்படுத்தாதீர்கள். அது பிரிவுகளுக்கு எழுதுவதற்கான விகிதம். மேற்பார்வையாளர் சம்பளமும் பட்டறை இடமும் அதற்குள் இருக்கின்றன. இந்த ஒரு மெஷினுக்கு நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தாலும் அவை மாறப் போவதில்லை. முடிவால் மாறும் பணம் மட்டுமே ஒப்பீட்டுக்குள் வர வேண்டும். திட்டமிட்ட முறைக்குப் பாதகமான நிலையையே எடுப்போம்: 107 மணியும் ஓவர்டைம். வேலை நியமனச் சட்டப்படி ஓவர்டைமுக்கு மணிநேர அடிப்படைச் சம்பளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. 3,000 வெள்ளிச் சம்பளத்துக்கு மணிநேர வீதம் 3,000 பெருக்கல் 12 வகுத்தல் 2,288, அதாவது 15.73. ஒன்றரை மடங்கும் சேமநிதியும் சேர்த்தால் ஏறத்தாழ 27.60 வெள்ளி. பழுதுநீக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் டெக்னீஷியன் நேரம் 3 மணி, அதில் மூன்றில் ஒரு பங்கு வேலை நேரத்துக்கு வெளியே.

| ஓராண்டுச் செலவு, வெள்ளியில் | பழுதானால் மட்டும் | திட்டமிட்டது |
|---|---|---|
| ஓவர்டைம் | 607 | 3,146 |
| உதிரிப்பாகம் | 3,520 | 3,720 |
| வீணாகும் பிலிமும் தூளும் | 880 | 280 |
| வெளி நிறுவனத்தை அழைப்பது | 1,800 | 600 |
| மொத்தம் | 6,807 | 7,746 |

திட்டமிட்ட முறை 939 வெள்ளி அதிகம். அட்டவணையை இத்தோடு நிறுத்திவிட்டு "பழுதானால் பார்த்துக்கொள்வதே மலிவு" என்று எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு. விடுபட்டது, மெஷின் நின்ற நேரம். ஒரு முறையில் 22 பெருக்கல் 3.5, அதாவது 77 மணி. மற்றதில் 14 மணி. வித்தியாசம் 63 மணி. 939-ஐ 63-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 வெள்ளி. நின்றுபோன ஒரு மணி நேரம் உங்களுக்கு 15 வெள்ளிக்கு மேல் நட்டம் தருமானால் திட்டமிட்ட பராமரிப்பு மலிவு, இல்லையென்றால் இல்லை. விவாதம் முழுவதும் இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த ஒரு மணி நேரத்தின் நட்டம் மெஷினைப் பொறுத்ததல்ல, அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பக்கத்தில் பழைய மெஷின் ஒன்று சும்மா நிற்கிறது, பத்து நிமிடத்தில் அதற்கு மாறிவிடலாம் என்றால் நட்டம் பூஜ்யத்துக்குப் பக்கம். அங்கே பழுதானால் பார்த்துக்கொள்வதுதான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது நிலை: மாற்று மெஷின் இல்லை, ஆனால் விட்டுப்போன உற்பத்தியை மாலையில் ஓவர்டைம் போட்டு முடித்துவிடலாம். அப்போது நட்டம் மூன்று ஆபரேட்டர்களின் ஓவர்டைம் மட்டும். மாதம் 2,200 வெள்ளிச் சம்பளத்துக்கு மூவரும் சேர்ந்து மணிக்குச் சுமார் 61 வெள்ளி. 63 மணிக்கு 3,843 வெள்ளி. 939-ஐக் கழித்தால் திட்டமிட்ட முறை ஆண்டுக்கு 2,904 வெள்ளி மலிவு. மூன்றாவது நிலை: மெஷின் ஏற்கெனவே நாள் முழுதும் ஓடுகிறது, தீபாவளிக்கு முந்தைய வாரங்களைப்போல் கூடுதல் நேரமே இல்லை. நின்ற மணிநேரத்தின் பைகள் விற்காமலே போகின்றன. நிமிடத்துக்கு 25 பை, மாறும் செலவு போகப் பைக்கு 20 காசு பங்களிப்பு மிஞ்சும் என்றால் மணிக்கு 300 வெள்ளி. 63 மணிக்கு 18,900.

மூன்றாவது நிலையின் எண்ணை எல்லா மெஷினுக்கும் ஆண்டு முழுதும் போடுவது பராமரிப்புப் பிரிவு செய்யும் வழக்கமான தவறு. மாலையில் ஈடுகட்டிய உற்பத்தியை இழந்ததாக எழுதினால், நிர்வாகம் ஒரு முறை நம்பும், இரண்டாம் முறை எந்த எண்ணையும் நம்பாது. ஆபரேட்டர்கள் சும்மா நின்ற நேரத்தின் சம்பளத்தையும் அதை ஈடுகட்டிய ஓவர்டைமையும் இரண்டையும் சேர்ப்பதும் தவறு. சும்மா நின்ற நேரத்தின் சம்பளம் எப்படியும் போகும் பணம்.

இன்னொன்றையும் பாருங்கள். மெஷின் நின்ற 77 மணியில் பழுது பார்த்த நேரம் எவ்வளவு, காத்திருந்த நேரம் எவ்வளவு? ஜாப் கார்டில் புகார் வந்த நேரம், ஆள் வந்த நேரம், மெஷின் மீண்டும் ஓடிய நேரம் என மூன்றும் இருந்தால் இது தெரிந்துவிடும். மூன்றரை மணியில் இரண்டு மணி ஹீட்டர் குச்சிக்காகக் காத்திருந்தது என்றால், உங்களுக்கு முதலில் தேவை சர்வீஸ் திட்டமல்ல, ஸ்டோரில் இரண்டு ஹீட்டர் குச்சியும் ஒரு தெர்மோகப்பிளும். அந்தச் செலவு மிகச் சிறியது. "எத்தனை மணி நேரம் நின்றது" என்று ஒரே கட்டம் மட்டும் உள்ள கார்டு இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும்.

சர்வீஸை அதிகமாக்கிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்தில் செலவுதான் ஏறும். வாரம் ஒன்றரை மணியை மூன்றாக்கினால் இன்னும் 75 ஓவர்டைம் மணி, ஏறத்தாழ 2,070 வெள்ளி. அதனால் மின்னணு 3 நிறுத்தங்களும் குறையாது, மற்ற 4-இல் ஒன்றிரண்டு குறையலாம். அதோடு, தேவையில்லாமல் கழற்றிப் பூட்டும்போது புதுப் பழுதும் வரும்: தாடை இணையாக உட்காராது, தெர்மோகப்பிள் ஒயர் கிள்ளப்படும். சர்வீஸ் முடிந்த அடுத்த வேலை நாள், அதாவது திங்கட்கிழமை காலையில் நிறுத்தங்கள் குவிகின்றனவா என்று பாருங்கள். குவிந்தால் பழுது சர்வீஸ் செய்யும் விதத்தில் இருக்கிறது.

இப்போது யாருக்கு எழுதுவது என்பதற்கு வருவோம். தரைப்பரப்பில் குளிர்கிடங்கு 50, சமையல் 30, பேக்கிங் 20 விழுக்காடு என்றால், 360,000-இல் அவர்கள் கட்டுவது முறையே 180,000, 108,000, 72,000. பட்டறை நேரமோ குளிர்கிடங்குக்கு 1,600, சமையலுக்கு 2,400, பேக்கிங்குக்கு 4,000 மணி. 45 வெள்ளி வீதம் 72,000, 108,000, 180,000. குளிர்கிடங்கும் பேக்கிங்கும் அப்படியே இடம் மாறிவிடுகின்றன. உங்கள் குளிர்கிடங்கு மேலாளரின் கேள்வி நியாயமானதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் உடனே எல்லாவற்றையும் மணிக்கு 45 வெள்ளி என்று மாற்றிவிடாதீர்கள். பேக்கிங் மேலாளர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். இந்த மாதம் பட்ஜெட் இடிக்கிறதா? சனிக்கிழமை சர்வீஸ் வேண்டாம் என்பார். ஒரு மாதத்துக்கு அவர் கணக்கு அழகாக இருக்கும். மூன்று மாதம் கழித்துத் தாடை எரியும். மணிக்கணக்கு நியாயமானதுதான், ஆனால் சர்வீஸைத் தவிர்ப்பவருக்கு உடனடியாகப் பரிசு கொடுக்கிறது. அதனால் திட்டமிட்ட வேலையையும் பழுதுநீக்கத்தையும் வேறு வேறு விதமாக எழுத வேண்டும்.

திட்டமிட்ட பராமரிப்பை ஆண்டுச் சந்தாவைப்போல் வையுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று மேலாளர்களோடும் உட்கார்ந்து மெஷின் வாரியாக மணி நேரத்தை ஒப்புக்கொள்ளுங்கள். குளிர்கிடங்கு 1,200, சமையல் 1,400, பேக்கிங் 2,200, மொத்தம் 4,800 மணி என்று வைத்தால், ஆண்டுக்கு 54,000, 63,000, 99,000. மாதத்துக்கு 4,500, 5,250, 8,250 வெள்ளி. மெஷினை விட்டாலும் விடாவிட்டாலும் இந்தத் தொகை போகும். பணம் எப்படியும் கட்டியாகிவிட்டது என்றால் சர்வீஸை வாங்கிக்கொள்ளத்தான் தோன்றும். விடப்படாத சர்வீஸ் மணி நேரத்தை மாத அறிக்கையில் பேக்கிங்கின் பெயருக்கு எதிரே தனி வரியாகக் காட்டுங்கள். பட்டறையே ஆள் இல்லாமல் சர்வீஸைத் தள்ளிப்போட்டால், அந்த மணி நேரத்தின் தொகையைப் பிரிவுக்குத் திருப்பி எழுதி, பட்டறையின் மாறுபாடாக, அதாவது திட்டத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசமாக, வையுங்கள். இல்லாவிட்டால் செய்யாத வேலைக்குப் பணம் வாங்கும் பழக்கம் பட்டறைக்கு வந்துவிடும்.

சட்டப்படியான சோதனைகளும் இந்தச் சந்தாவுக்குள்தான் வர வேண்டும். கம்ப்ரசரின் காற்றுக்கலத்தை மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் 24 மாதத்துக்கு ஒரு முறையும், நீராவிக் கொதிகலனை 12 மாதத்துக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும். இவை மேலாளர் தேர்ந்தெடுக்கும் செலவுகள் அல்ல. ஒரு மாதத்தில் மொத்தமாக அவர் கணக்கில் விழுந்தால் அந்த மாத எண் எதையும் சொல்லாது.

மிச்சமுள்ள 3,200 மணி பழுதுநீக்கம்: குளிர்கிடங்கு 400, சமையல் 1,000, பேக்கிங் 1,800. இதை ஜாப் கார்டுப்படி மணிக்கு 45 வெள்ளி எழுதுங்கள். ஆனால் முடிந்தவரை நிலையான நேரத்துக்கு. தாடை ஹீட்டர் மாற்ற 1 மணி, ஆகர் பேரிங் மாற்ற 3 மணி என்று அடிக்கடி வரும் இருபது முப்பது வேலைக்கு நேரம் நிர்ணயித்துவிடலாம். 3 மணி வேலைக்கு டெக்னீஷியன் 5 மணி எடுத்தால் பேக்கிங்குக்கு 135 வெள்ளிதான். மீதி 90 வெள்ளி பட்டறையின் திறன் மாறுபாடு. சரியான ஸ்பேனர் தேடிய நேரத்துக்குப் பேக்கிங் மேலாளர் பொறுப்பாக முடியாது. மாறாக, டெக்னீஷியன் வந்தபிறகும் ஓடும் பேட்ச் முடியட்டும் என்று ஆபரேட்டர் ஒரு மணி காக்க வைத்தால், அந்த மணி பேக்கிங்குக்குத்தான். பட்டியலில் இல்லாத அரிய பழுதுக்கு உண்மையான நேரத்தை எழுதி, இருதரப்பு மேற்பார்வையாளரும் கையெழுத்திட்டால் போதும். அதே பழுது ஏழு நாளுக்குள் திரும்ப வந்தால் இரண்டாம் முறைக்கு எழுத வேண்டாம் என்று ஒரு விதியும் வையுங்கள். அது பட்டறையின் வேலைத்தரத்துக்கு நல்ல கடிவாளம்.

ஓவர்டைமில் ஒரு பொறி இருக்கிறது. ஓவர்டைம் மணியின் உண்மையான செலவு 27.60 வெள்ளி, சாதாரண மணிக்கு எழுதுவது 45. "உண்மைச் செலவைத்தானே எழுத வேண்டும்" என்று 27.60 எழுதினால், பிரிவுகளுக்கு இரவு வேலை பகல் வேலையைவிட மலிவாகத் தெரியும், எல்லாரும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். 45-ஐ மாற்றாமல், அரை மடங்குக் கூடுதல் சம்பளத்தை மட்டும் மேலே சேருங்கள். 15.73-இல் பாதி, சேமநிதியோடு 9.20. ஆக 54.20 வெள்ளி. இரவிலேயே முடிக்க வேண்டும் என்று பிரிவு கேட்டால் இந்த 9.20 அவர்களுக்கு. பகலில் ஆள் இல்லாததால் இரவுக்குப் போனால் அது பட்டறைக்கு.

ஆண்டு முடிவில்தான் பெரிய சோதனை. பேக்கிங் இந்த ஆண்டு சர்வீஸை ஒழுங்காக விட்டது, பழுதுநீக்கம் 1,800-இலிருந்து 1,200 மணியாகக் குறைந்தது. பேக்கிங்குக்கு 27,000 வெள்ளி மிச்சம். பட்டறையின் 360,000 குறையவில்லை, எனவே 27,000 எழுதப்படாமல் நிற்கிறது. இதை என்ன செய்வீர்கள்? பல இடங்களில் மென்பொருள் தானாகவே உண்மையான விகிதத்தைக் கணக்கிட்டுவிடும்: 360,000 வகுத்தல் 7,400, மணிக்கு 48.65. அதன்படி மூன்று பிரிவுக்கும் திருத்தி எழுதினால், பேக்கிங் பழுதைக் குறைத்ததற்கு 1,600 மணி பயன்படுத்திய குளிர்கிடங்கு ஏறத்தாழ 5,840 வெள்ளி கூடுதலாகக் கட்டும். அடுத்த ஆண்டு பராமரிப்பைப் பற்றி யாரும் பேச வர மாட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் சொன்ன 45 ஆண்டு முடிவுவரை 45-ஆகவே இருக்க வேண்டும். 27,000-ஐப் பட்டறையின் கொள்ளளவு மாறுபாடு என்று தனியே வைத்து, நேராக இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோங்கள். அந்த எண்ணுக்கு ஒரு செய்தி உண்டு: 600 மணி நேரம் மிச்சமாகியிருக்கிறது. வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கும் வேலையில் எதை உள்ளே இழுக்கலாம், அல்லது ஓய்வுபெறும் டெக்னீஷியன் இடத்தை நிரப்ப வேண்டுமா என்று நிர்வாகம் முடிவெடுக்க அந்த எண் வெளியில் தெரிய வேண்டும். பிரிவுகளின் தலையில் தூவிவிட்டால் தெரியாது.

இந்த முறை ஓட ஆரம்பித்ததும், எது "திட்டமிட்டது" என்ற சண்டை வரும். சந்தாவில் அடங்கும் வேலைக்குக் கூடுதல் பணமில்லை என்பதால், பேக்கிங் தன் பழுதையெல்லாம் சர்வீஸ் என்று எழுதச் சொல்லும். ஒரே வரையறை போதும்: வாரம் தொடங்குமுன் பட்டறையின் வாரத் திட்டத்தில் இருந்த வேலை திட்டமிட்டது, மற்றதெல்லாம் பழுதுநீக்கம். சனிக்கிழமைச் சோதனையில் பேரிங் சத்தம் கேட்டு, அதை அடுத்த வாரத் திட்டத்தில் சேர்த்து மாற்றினால் அது திட்டமிட்டதுதான். கேட்ட சத்தத்தைச் சொல்ல வைப்பதற்கே அந்தச் சலுகை. உதிரிப்பாகம் இரண்டு வகையிலும் பயன்படுத்திய பிரிவுக்கே, ஆண்டுத் தொடக்கத்தில் நிர்ணயித்த விலையில். உங்கள் நிறுவனம் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால், வாங்கும்போது கட்டிய 9 விழுக்காட்டைத் திரும்பப் பெறுவதால் உதிரிப்பாக விலையில் அதைச் சேர்க்காதீர்கள். ஒரே நிறுவனத்துக்குள் பிரிவுக்குப் பிரிவு எழுதுவதற்கும் வரி கிடையாது.

கடைசியாக, குளிர்கிடங்கின் பெரிய குளிரூட்டும் கம்ப்ரசரை மூன்றாண்டுக்கு ஒரு முறை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது போன்ற செலவு. 36,000 வெள்ளி ஆகிறது என்று வையுங்கள். ஒரே மாதத்தில் எழுதினால் அந்த மாதம் குளிர்கிடங்கு மேலாளரைத் தூக்கி அடிக்கும், மற்ற 35 மாதமும் அவர் செலவு பொய்யாகக் குறைந்து காட்டும். உள்கணக்கில் மாதம் 1,000 வெள்ளி வீதம் எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் வெளிக்கணக்கில் இதையே முன்கூட்டி ஒதுக்கீடாகப் போட முடியாது. இன்னும் செய்யாத பழுதுபார்ப்புக்குச் சிங்கப்பூர் நிதி அறிக்கைத் தரமான எஃப்ஆர்எஸ் 37 ஒதுக்கீட்டை அனுமதிப்பதில்லை. மெஷினை விற்றோ மூடியோ அந்தச் செலவைத் தவிர்க்க முடியும் என்பதால் அது இன்னும் கடமையாகவில்லை. வேலை நடந்தபின், பெரிய பாகங்களை மாற்றியிருந்தால் எஃப்ஆர்எஸ் 16-இன்படி அந்தச் செலவைச் சொத்தின் மதிப்போடு சேர்த்து, கழற்றிய பழைய பாகத்தின் மீதி மதிப்பை நீக்கிவிட்டு, அடுத்த மூன்றாண்டுக்குத் தேய்மானமாக எழுதலாம். எண்ணெய் மாற்றுவது, கேஸ்கெட் மாற்றுவது போன்ற அன்றாட சர்வீஸ் அந்தந்த மாதச் செலவுதான். முதல் புதுப்பிப்பு வரும்வரை உள்கணக்கில் மாதம் 1,000 இருக்கும், வெளிக்கணக்கில் இருக்காது. இரண்டையும் ஒப்பிடும் தாளில் இதற்கென்று ஒரு வரி ஒதுக்கி வைத்தால், தணிக்கையாளர் கேட்கும்போது தேட வேண்டியிராது.